ஆங்கிலக் கட்டுரையை நானே தமிழாக்கினால் அது எழுத்துத் திருட்டா?

"திருகோணமலையில் முதுதத்துவமாணி ஆய்வு தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. கரைவலைத் தொழில் பற்றிய அத்தியாயத்தில் ஓர் ஆங்கிலக் கட்டுரையின் சில பக்கங்களை நானே உட்கார்ந்து தமிழில் எழுதினேன். ஒரு வரிகூட வெட்டி ஒட்டவில்லை. மென்பொருள் 4 வீதம்தான் காட்டியது. உசாத்துணைப் பட்டியலிலும் அந்தக் கட்டுரையைச் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் மேற்பார்வையாளர் இதை எழுத்துத் திருட்டு என்கிறார். தமிழ் என்னுடையது அல்லவா? எங்கே பிழை?"

தமிழ் உங்களுடையதுதான். ஆனால் அந்தப் பக்கங்களில் தமிழ் மட்டும்தான் உங்களுடையது. உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது சரி. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் ஆய்வு மாணவர்களுடன் இதைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் கேள்வியை ஒருவராவது கேட்காத ஆண்டு இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலானோர் நேர்மையானவர்கள். அகராதியைப் புரட்டி இரவிரவாக உழைத்திருப்பார்கள். அந்த உழைப்பு உண்மையானது என்பதனாலேயே பிழை கண்ணில் படுவதில்லை.

முதலில் நாம் பேசும் முறையைக் கவனியுங்கள். டச்சு விரிகுடாக் கடற்கரையில் நண்பருடன் அமர்ந்திருக்கிறீர்கள். காலையில் ஒரு மீனவர் உங்களிடம் சொன்னதை அவருக்குச் சொல்கிறீர்கள். "நாளைக்குக் கடல் இறங்க முடியாது" என்று சொல்ல மாட்டீர்கள். "நாளைக்குக் கடல் இறங்க முடியாதாம்" என்றுதான் சொல்வீர்கள். அந்த ஒற்றை "ஆம்" என்ன செய்கிறது? இது நான் கண்டறிந்தது அல்ல, இன்னொருவர் சொன்னது என்று கேட்பவருக்கு அறிவித்துவிடுகிறது. நண்பர் உடனே "யார் சொன்னது?" என்று கேட்பார். நீங்கள் ஆளைச் சொல்வீர்கள். எங்கே, எப்போது சொன்னார் என்று கேட்டால் அதையும் சொல்வீர்கள். ஆய்வெழுத்தில் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் என்று மூன்றையும் கேட்பது இதற்காகத்தான். நம் வீட்டுப் பேச்சில் ஏற்கெனவே இருக்கும் ஒழுங்கு அது. பிள்ளைப் பருவம் முதல் பிழையில்லாமல் கடைப்பிடித்துவரும் ஒன்றை ஆய்வேடு எழுத உட்கார்ந்ததும் கைவிட்டுவிடுகிறோம். "முடியாதாம்" என்பது "முடியாது" ஆகிவிடுகிறது. உங்கள் அத்தியாயத்திலும் அதுவே நடந்திருக்கிறது.

உங்கள் பக்கங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே என் வகுப்பில் பயன்படுத்தும் பத்தி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். பயிற்சிக்காக நானே கற்பனையில் எழுதியது. ஆங்கிலத்தில் வந்த ஒரு கட்டுரையின் பத்தி என்றும், எழுதியவர் "இன்னார்" என்றும், ஆண்டு 2009, பக்கம் 41 என்றும் வைத்துக்கொள்வோம். அதன் பொருள் இது:

"மார்ச் மாதம் வாடைக் கடல் அடங்கியதும் கரைவலைக்காரர் கரைக்குத் திரும்புகின்றனர். கரை, பாடுகள் எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பாட்டில் ஒரு நேரத்தில் ஒரு வலையே இறங்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவர்களுடைய சச்சரவு மீனுக்கானதாகத் தெரியும். உண்மையில் அது யாருடைய வலை எப்போது இறங்குவது என்ற முறைக்கானது. விடியற்காலை வலையின் பிடியும் மதிய வலையின் பிடியும் ஒன்றல்ல; ஆகவே இங்கே மீனைவிட நேரமே சொத்து."

இதை வைத்து ஒரு மாணவி எழுதியது இப்படி:

"பங்குனியில் வாடை ஓய்ந்து கடல் தணியும்போது கரைவலைத் தொழிலாளர் மீண்டும் கரைக்கு வருகிறார்கள். கரையோரம் பாடுகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு தடவையில் ஒரு வலை மட்டுமே இடப்படும். இவர்களது தகராறுகள் மீனைப் பற்றியவைபோலத் தோன்றினாலும் அவை முறையைப் பற்றியவையே. காலை வலையும் மதிய வலையும் ஒரே அளவு மீன் தருவதில்லை என்பதால் நேரமே இங்கு பெறுமதியானது."

மார்ச் பங்குனியானது, சச்சரவு தகராறானது, சொத்து பெறுமதியானது. மாறியது அவ்வளவுதான். வாக்கியங்கள் அதே வரிசையில் நிற்கின்றன. எங்கே தொடங்கி எங்கே திருப்பம் வைத்து எங்கே முடிப்பது என்று இன்னார் போட்ட கோலத்தின் புள்ளிகள் மேலேயே இவர் இழை இழுத்திருக்கிறார். இரு பத்திகளையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கமாக வைத்து வாக்கியத்துக்கு வாக்கியம் கோடு இழுத்துப் பாருங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் நேராகப் போனால் அது சொல் மாற்றப்பட்ட பிரதி. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தாலும் கோடுகள் நேராகத்தான் போகும்.

இந்தப் பத்தியில் எல்லாமே கடன் என்றும் நான் சொல்லவில்லை. முதல் வாக்கியத்துக்கு மேற்கோள் தேவையில்லை. வாடைக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும் என்பதும், அது அடங்கிய பிறகே கரைவலை இறங்கும் என்பதும் உப்புவெளியிலோ குச்சவெளியிலோ யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எவருக்கும் தனியாகச் சொந்தமில்லாத செய்தி அது. இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்கள் நீங்கள் கள ஆய்வில் பார்த்தவையா, அல்லது அந்தக் கட்டுரையில்தான் முதன்முதல் அறிந்தீர்களா என்பதைப் பொறுத்தது. பார்க்காமல் எழுதினால் கட்டுரையைச் சுட்ட வேண்டும். கடைசி இரண்டு வாக்கியங்களின் கதை வேறு. "சச்சரவு மீனுக்கானது அல்ல, முறைக்கானது; நேரமே சொத்து" என்பது ஒரு கண்டுபிடிப்பு. அதை எழுதியவர் பல விடியற்காலைகள் கரையில் நின்றிருப்பார். தகராறுகளைக் கேட்டு, பிடியை எழுதிவைத்து ஒப்பிட்டு அந்த முடிவுக்கு வந்திருப்பார். நீங்கள் அதை "ஆம்" இல்லாமல் எழுதும்போது, அந்த விடியற்காலைகளில் கரையில் நின்றது நீங்கள்தான் என்று வாசகர் நம்புகிறார். சொற்கள் யாருடையவை என்ற கேள்வி அதற்கு அடுத்தபடிதான்.

வாய்மொழித் தேர்வில் இது எப்படி வெளிப்படும் என்று பாருங்கள். தேர்வாளர் கேட்கிறார்: "நேரமே பெறுமதியானது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கருத்து. இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?"

"ஒரு கட்டுரையில் வாசித்தேன், சேர்."

"அப்படியானால் இந்தப் பக்கத்தில் அந்தக் கட்டுரையின் பெயர் ஏன் இல்லை?"

"பின்னால் உசாத்துணைப் பட்டியலில் இருக்கிறது, சேர்."

"பட்டியலில் எண்பது பெயர்கள் இருக்கின்றன. இந்தக் கருத்து அவற்றில் யாருடையது என்று வாசிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?"

இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடையாது. பட்டியல் என்பது நீங்கள் எவற்றை வாசித்தீர்கள் என்பதற்கான சாட்சி. எந்த வாக்கியம் எவருடையது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது வாக்கியம் நிற்கும் இடத்தில்தான். இன்னொரு வழக்கமும் இருக்கிறது. ஒரு முழுப் பக்கத்தை எழுதிவிட்டு, கடைசி வரியின் முடிவில் மட்டும் அடைப்புக்குறிக்குள் பெயர் போடுவார்கள். அந்தப் பெயர் கடைசி வாக்கியத்துக்கு மட்டுமா, முழுப் பக்கத்துக்குமா என்பது தெரியாது. பேச்சில் இப்படி நாம் ஒருபோதும் செய்வதில்லை. "மாமா சொன்னார்" என்று தொடங்கி அவர் சொன்னதைச் சொல்லி, "ஆனால் எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை" என்று நம் பக்கத்துக்குத் திரும்புவோம். கடன் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று இரண்டு முனைகளும் தெரியும். எழுத்திலும் பெயரைத் தொடக்கத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அதே மாணவி பிறகு திருத்தி எழுதியது:

"கரைவலைப் பாடுகளில் எழும் தகராறுகள் மீனைப் பற்றியவை அல்ல, முறையைப் பற்றியவை என்று இன்னார் (2009, ப. 41) வாதிடுகிறார். விடியற்காலைப் பிடியும் மதியப் பிடியும் வேறுபடுவதால் நேரமே சொத்தாகிறது என்பது அவர் காட்டும் காரணம். நிலாவெளியில் நான் பேசிய மூன்று சம்மாட்டிமாரில் இருவர் இதை ஒப்புக்கொண்டனர். மூன்றாமவரோ, தமது பாட்டில் சச்சரவு எழுவது வலை இழுப்பவர்களின் பங்கைப் பற்றியே என்றார்."

இதிலுள்ள சம்மாட்டிமாரும், அதாவது வலைச் சொந்தக்காரர்களும், பயிற்சிக்காகச் சேர்க்கப்பட்டவர்களே. ஆனால் நடந்த மாற்றத்தைக் கவனியுங்கள். இன்னாரின் கருத்தை அவருக்கே கொடுத்ததும் மாணவிக்கென்று ஓர் இடம் பிறந்துவிட்டது. அந்த மூன்றாவது சம்மாட்டியார் சொன்னது இன்னாரின் கட்டுரையில் இல்லை. இனி இவருடைய ஆய்வு தொடங்க வேண்டியது அங்கிருந்துதான். முதல் வடிவத்தில் அவருக்கு நிற்க இடமே இருக்கவில்லை, ஏனென்றால் எல்லாவற்றையும் தானே சொல்வதாக எழுதியிருந்தார்.

ஆங்கில வரியை அப்படியே தர வேண்டிய தேவை வந்தால், உதாரணமாக அதன் சொல்லாட்சியே உங்கள் வாதத்துக்கு முக்கியம் என்றால், மேற்கோள் குறிகளுக்குள் தமிழில் தாருங்கள். பெயர், ஆண்டு, பக்கத்தோடு "மொழிபெயர்ப்பு எனது" என்றும் சேருங்கள். நீங்கள் பட்ட மொழிபெயர்ப்புச் சிரமத்துக்கான பேறு அந்த இரண்டு சொற்களில் உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் அது மூல ஆசிரியரைச் சேராது என்ற பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

இனி அந்த 4 வீதம். ஒற்றுமை பார்க்கும் மென்பொருள் திருட்டை அளப்பதில்லை. உங்கள் எழுத்திலுள்ள சொற்றொடர்களைத் தன் களஞ்சியத்தில் இருப்பவற்றோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகும் அளவைச் சொல்கிறது. ஆங்கிலக் கட்டுரையின் தமிழ் வடிவம் வழக்கமான சோதனையில் ஒத்துப்போகாது, ஏனென்றால் இரண்டிலும் ஒரே எழுத்துகளே இல்லை. தமிழுக்குள்ளேயே கூட இன்னொரு ஓட்டை இருக்கிறது. இலங்கையில் பல பழைய கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அதில் "அம்மா" என்று திரையில் தெரிந்தாலும் கணினிக்குள் சேமிக்கப்பட்டிருப்பது `mk;kh` என்ற ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் எழுதிய "அம்மா"வும் இதுவும் மென்பொருளுக்கு இரு வேறு சொற்கள். பழைய கருத்தரங்கு மலர் ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே யூனிகோடில் தட்டினாலும் அது பிடிபடாமல் போகலாம். மறுபுறம், உரிய மேற்கோள் குறிகளோடு நிறைய எடுத்தாண்ட நேர்மையான அத்தியாயம் 25 வீதம் காட்டலாம். உசாத்துணைப் பட்டியலை மட்டுமே ஒத்துப்போனதாக எண்ணி எண்ணிக்கை ஏறியதையும் பார்த்திருக்கிறேன். எனவே அறிக்கையின் முதல் பக்கத்திலுள்ள எண்ணைப் பார்த்து நிம்மதியடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். உள்ளே எந்த வரிகள் நிறமிடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். நிறமிடப்படாத வரிகளுக்கு மென்பொருளால் சாட்சி சொல்ல முடியாது; உங்களால் மட்டுமே முடியும்.

மொழி மாறினால் தெரியாது என்ற நம்பிக்கை எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஹங்கேரியில் ஓர் உதாரணம் இருக்கிறது. பால் ஷ்மிட் என்பவர் அந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்தார். வாள்வீச்சில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். நவீன ஒலிம்பிக் போட்டிகளின் நிகழ்ச்சி நிரலைப் பற்றி 1992-இல் அவர் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வேடு சமர்ப்பித்திருந்தார். அதன் பெரும்பகுதி பல்கேரிய ஆய்வாளர் ஒருவர் பிரெஞ்சு மொழியில் எழுதியதன் ஹங்கேரிய வடிவம் என்று 2012 ஜனவரியில் ஒரு வார இதழ் வெளிப்படுத்தியது. பல்கலைக்கழகம் விசாரித்து மார்ச் மாத இறுதியில் பட்டத்தைப் பறித்தது. ஏப்ரல் 2 அன்று அவர் ஜனாதிபதி பதவியிலிருந்து விலகினார். இருபது ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாத ஒன்று, இரு நூல்களையும் பக்கத்துப் பக்கமாக வைத்து ஒருவர் வாசித்தவுடன் வெளிவந்துவிட்டது. நான் மேலே சொன்ன கோடு இழுக்கும் சோதனைதான் அது.

மாணவர்கள் சிலர் இந்த இடத்தில் மரபைக் காட்டி வாதிடுவார்கள். நம் முன்னோர் யார் பெயரைச் சொல்லி எழுதினார்கள் என்பார்கள். ஆனால் தொல்காப்பியத்தைத் திறந்தால் "என்மனார் புலவர்" என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. தமக்கு முன்னிருந்தவர்கள் சொன்னது இது என்று அறிவிக்கும் தொடர் அது. அந்த "ஆம்" அன்றே எழுத்தில் இருந்தது. இன்றைய ஆய்வு, புலவர் யார், எந்தப் பக்கத்தில் சொன்னார் என்று கூடுதலாகக் கேட்கிறது, அவ்வளவே வேறுபாடு.

நூல்களோடு இது நின்றுவிடுவதும் இல்லை. கரைவலையைப் பற்றி ஆராய்கிறீர்கள் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் ஓர் இளைஞர் காற்றுகளைப் பற்றி ஓர் அட்டவணை காட்டினார். வாடையிலும் கச்சானிலும் எந்தெந்த நிலையில் வலை வைக்கலாம், எந்த நிலையில் கூடாது என்று அழகாக வகைப்படுத்தியிருந்தார். "எனது வகைப்பாடு" என்று தலைப்பு. பின்வரிசையில், பேச்சைக் கேட்க அழைக்கப்பட்ட முதியவர் ஒருவர் இருந்தார். தேநீர் இடைவேளையில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இதைத் தம்பிக்கு நான்தானே சொல்லிக்கொடுத்தேன். அவர் படித்ததாகச் சொல்கிறாரே?" கோபமாக அவர் கேட்கவில்லை. தாம் சொன்னது எப்படி இன்னொருவருடையதானது என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அந்த இளைஞர் எந்த நூலிலிருந்தும் ஒரு சொல்கூட எடுக்கவில்லை; எந்த மென்பொருளும் அவரைப் பிடித்திருக்காது. ஆனாலும் அன்று அந்த மண்டபத்தில் ஒருவருடைய அறிவு அவர் கண்முன்னே பெயர் மாற்றப்பட்டது.

மேடையில் அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இந்த வகைப்பாடு நிலாவெளியில் நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகும் ஒருவர் எனக்குச் சொன்னது. அவர் வாய்மொழியாகச் சொன்னதை அட்டவணையாக்கியது மட்டுமே என் வேலை." சொல்ல கால் நிமிடம்கூட ஆகாது. எழுத்தில் நேர்காணல், இடம், திகதி என்று குறிப்பு வரும். பெயரைப் போடலாமா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். சிலர் பெருமையோடு சம்மதிப்பார்கள். பாடு பற்றிய தகராறு, அனுமதிப்பத்திரம் போன்ற விடயங்களில் பேசியவர்கள் பெயர் வேண்டாம் என்பார்கள். அப்போது "ஒரு சம்மாட்டியார், நிலாவெளி" என்று ஆளை மறைத்து அறிவுக்கு மட்டும் உரிமை கொடுங்கள். ஆளை மறைப்பதற்கும் அறிவை நம்முடையதாக்கிக்கொள்வதற்கும் இடையிலுள்ள தூரம் பெரியது.

இன்னொரு சிறிய விடயம்: இன்னாரின் கட்டுரையில் அவர் பழைய அறிக்கை ஒன்றை மேற்கோள் காட்டியிருக்கலாம். நீங்கள் அந்த அறிக்கையைக் கண்ணால் பார்க்காமல் அதை நேரடியாகச் சுட்டாதீர்கள். அறிக்கையின் பெயரைச் சொல்லி, "இன்னார் (2009) எடுத்தாண்டது" என்று எழுதுங்கள். இன்னார் பக்க எண்ணைப் பிழையாகத் தந்திருந்தால், பார்த்ததாகச் சொன்ன நீங்களும் அதே பிழையோடு மாட்டிக்கொள்வீர்கள். தேர்வாளர்கள் இதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

உங்கள் சிக்கல் எழுதும் நாளில் தொடங்கியிருக்காது. குறிப்பெடுத்த நாளிலேயே தொடங்கியிருக்கும். ஆங்கிலத்தை வாசித்துக்கொண்டே கொப்பியில் தமிழில் எழுதியிருப்பீர்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கொப்பியைத் திறக்கும்போது எழுத்து உங்கள் கையெழுத்து, மொழி உங்கள் மொழி. எது இன்னாருடையது, எது உங்கள் எண்ணம் என்று உங்களுக்கே தெரியாது. ஆகவே குறிப்பில் முதல் சொல் எழுதுமுன் பெயரையும் பக்க எண்ணையும் எழுதுங்கள். பக்கத்துக்கு நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கத்தில் அவர் சொன்னதையும் வலப்பக்கத்தில் உங்களுக்குத் தோன்றியதையும் வையுங்கள். வரிக்கு வரி மொழிபெயர்த்தது என்றால் அப்போதே மேற்கோள் குறி போடுங்கள். அத்தியாயம் எழுதும்போது கட்டுரையையும் கொப்பியையும் மூடிவைத்துவிட்டு, நண்பருக்குச் சொல்வதுபோல வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எங்கெல்லாம் நாக்கு தானாக "ஆம்" போடுகிறதோ அங்கெல்லாம் எழுத்தில் பெயர் வர வேண்டும். சொல்ல முடியாமல் தடுமாறினால் உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை, திரும்ப வாசியுங்கள். எழுதி முடித்த பிறகே மூலத்தைத் திறந்து, பெயரும் பக்கமும் எண்களும் சரியா என்று ஒப்பிடுங்கள்.

இப்போது கையிலிருக்கும் அத்தியாயத்துக்கு வருவோம். அது இன்னும் வரைவுதான், சமர்ப்பிக்கப்படவில்லை. அதனால் இது தண்டனைக்குரிய விடயமாக ஆகவில்லை, திருத்தத்துக்குரியதாகவே இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரையை அச்செடுங்கள். உங்கள் பக்கங்களை அதன் அருகே வைத்துக் கோடு இழுங்கள். நேர்கோடு விழுந்த பத்திகளைச் சொல் மாற்றி ஒட்டுப்போடாதீர்கள். முழுதாக விலக்கிவிட்டு, மூலத்தை மூடிவைத்து மறுபடி எழுதுங்கள். சில பக்கங்கள் இரண்டு பத்திகளாகச் சுருங்கிவிடக்கூடும். சுருங்கட்டும், மிச்சமுள்ள இடம் உங்கள் கள ஆய்வுக்கு. கோடு இழுத்த அந்தத் தாள்களையும் புதிய பத்திகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இந்த வாரமே மேற்பார்வையாளரிடம் போங்கள். "மிஸ், பிழை எங்கே என்று பார்த்துவிட்டேன், இவைதான் அந்த இடங்கள்" என்று நீங்களே காட்டுங்கள். மற்ற அத்தியாயங்களுக்கான குறிப்புக் கொப்பியையும் கொண்டு போங்கள். இதே முறையில் எடுத்த குறிப்புகள் அதில் இன்னும் இருக்கும்.